முதலில் கால், பிறகு பறவை

பதினொன்றாம் வகுப்புக்குக் குறுந்தொகைப் பாட்டு ஒன்றை முதன்முறை நடத்தியபோது எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கரும்பலகையில் திணை, கூற்று, துறை, பாடியவர் என்று வரிசையாக எழுதினேன். பாட்டை ஒருமுறை படித்தேன். பொழிப்புரை சொன்னேன். இலக்கணக் குறிப்பு ஐந்து எழுதிப் போட்டேன். பிள்ளைகள் குனிந்தபடியே எழுதிக்கொண்டார்கள். மிச்சமிருந்த முப்பத்தைந்து நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கபிலரின் வாழ்க்கை வரலாற்றுக்குள் புகுந்து பாரி, பறம்பு மலை, அங்கவை, சங்கவை என்று ஓட்டினேன். மணி அடித்தது. ஒரு கேள்வி வரவில்லை.

அது குறுந்தொகையின் 25ஆம் பாட்டு. கபிலர் பாடியது. ஐந்தே அடி, எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது சீர். அதன் செய்தியைப் பேச்சு நடையில் இப்படிச் சொல்லலாம்: ஒரு பெண் தன் தோழியிடம் பேசுகிறாள். நாங்கள் கூடிய அன்று அங்கே வேறு யாரும் கிடையாது, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே மாற்றிப் பேசிவிட்டால் நான் என்ன செய்வேன்? சாட்சி என்று பார்த்தால் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு இருந்தது. அதன் கால் தினைத்தாள் மாதிரி சிறுத்துப் பசுமையாக இருக்கும்.

இதில் விளக்க என்ன இருக்கிறது என்று அன்று நினைத்தேன். நான் செய்த தவறு விளக்கியது அல்ல, விளக்கிய வரிசை. திணையையும் துறையையும் முதலில் எழுதியதால், பாட்டு கடைசிவரை ஒளித்து வைத்திருந்ததை நான் முதல் நிமிடத்திலேயே பலகையில் போட்டு உடைத்துவிட்டேன். துறைக் குறிப்பு என்பது பாடலைத் தொகுத்தவர்களும் பின்னால் வந்தவர்களும் வாசகனுக்காக எழுதிவைத்த ஒற்றை வரி. பாட்டுக்குள் அது கிடையாது. தெரிய வேண்டியதுதான், ஆனால் அதற்கென்று ஒரு நேரம் உண்டு. இப்போதெல்லாம் என் வகுப்பில் அது கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வெளியே வரும்.

இப்போது நான் நடத்தும் பாடத்துக்கு ஒரு சார்ட் அட்டையும் ஐந்து காகிதப் பட்டைகளும் போதும். பாட்டைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, ஒவ்வோர் அடியையும் ஒரு பட்டையால் மூடிவிடுவேன். தலைப்பு இல்லை, பாடியவர் பெயர் இல்லை. முதல் இரண்டு அடியை மட்டும் திறப்பேன். யாரும் இல்லை, அவன்தான் கள்வன், அவன் பொய்த்தால் என்ன செய்வது என்பது வரை அதில் வந்துவிடும். பழைய சொற்களாக இருந்தாலும் இந்த இரண்டு அடியைப் பிள்ளைகளே பிரித்துப் பொருள் சொல்லிவிடுவார்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: “இந்தப் பொண்ணு அடுத்து என்ன சொல்லுவா? ஒரு வரி எழுது.”

பதில்கள் ஏறக்குறைய ஆண்டுதோறும் ஒரே மாதிரிதான். செத்துப்போவேன் என்பாள், அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்பாள், ஊரைக் கூட்டுவேன் என்பாள். பின்வரிசைப் பையன் ஒருவன், “ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பா, ஐயா” என்றான். சிரிக்கட்டும். எல்லாப் பதிலிலும் ஒன்று பொதுவாக இருப்பதைக் கவனியுங்கள்: அவள் தன்னைப் பற்றியோ அவனைப் பற்றியோதான் பேசுவாள் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பு தாளில் எழுத்தாகிவிட்ட பிறகுதான் மூன்றாவது பட்டையை எடுக்க வேண்டும்.

மூன்றாம் அடியில் தினைத்தாள் வருகிறது, சிறிய பசிய கால் வருகிறது. யாருடைய கால் என்று அந்த அடியில் இல்லை. “யார் கால்டா இது?” என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் தயங்காமல் “அவனோட கால்” என்பார்கள். அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் அடுத்து ஒரு காலைச் சொன்னால் வேறெப்படி நினைப்பது? நான்காம் அடியைத் திறந்தால் ஓடும் நீர், ஆரல் மீன், பார்த்தல். அவன் மீன் பிடிக்கப் போயிருக்கிறானோ என்று குழப்பம் கூடும். ஐந்தாம் அடியின் முதல் சொல்லாகத்தான் குருகு வருகிறது. பறவையின் பெயர் வருவதற்கு முன் அதற்கு ஏழு சீர் செலவாகியிருக்கிறது. முதலில் கால், பிறகு தண்ணீர், பிறகு பார்வை, கடைசியில் பறவை. பட்டைகளை வைத்துக்கொண்டு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஏமாந்தவர்கள் தாங்களே சொல்வார்கள்.

இதற்கு ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். கட்டமைப்பு என்ற சொல்லை இதுவரை நான் ஒருமுறைகூட உச்சரித்திருக்க மாட்டேன்.

அடுத்த எட்டு நிமிடம் படம் வரைவது. பதினொன்றாம் வகுப்புக்குப் படமா என்று சக ஆசிரியர்கள் கேட்டதுண்டு. விதி இதுதான்: பாட்டு சொன்னதை மட்டும் வரைய வேண்டும், சொல்லாத எதுவும் தாளில் இருக்கக் கூடாது. வரைந்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் திருத்துவார். அப்போது அடிதடி தொடங்கும். ஒருத்தி வெள்ளையாகச் சிறகு போட்டிருப்பாள். பாட்டில் சிறகு எங்கே? அலகு எங்கே? கழுத்து எங்கே? கரையில் ஒரு மரம் நிற்கும், அதற்கும் ஆதாரம் இல்லை. அழித்து அழித்துக் கடைசியில் தாளில் மிஞ்சுவது இரண்டு மெல்லிய கால், கொஞ்சம் தண்ணீர், உள்ளே ஒரு மீன் இருக்கலாம் என்ற சந்தேகம்.

ஆரல் என்றால் என்ன என்று இங்கே சொல்லியாக வேண்டும். விலாங்கு போல நீண்டு வழவழவென்று இருக்கும் நன்னீர் மீன், சேற்றிலும் மணலிலும் புதைந்து கிடக்கும். இன்றைக்கும் ஆற்றோர ஊர்ச் சந்தைகளில் அதே பெயரில் விற்கிறார்கள். அதைப் பிடிக்க வேண்டுமானால் பறவை அசையாமல் வெகுநேரம் நிற்க வேண்டும், கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கக் கூடாது. இந்த ஒரு தகவல் தெரிந்தவுடன் பிள்ளைகளுக்குச் சாட்சியின் நிலைமை புரிந்துவிடும். குருகு அங்கேதான் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. உரைகாரர்கள் சொல்வதும் இதைத்தான்: இரையிலேயே கருத்தாக இருந்த பறவை எதற்குச் சாட்சி சொல்லும்?

காலைப் பற்றி ஒரு மாணவி சொன்னது எந்த உரையிலும் நான் படிக்காதது. “ஐயா, அவ தலையக் குனிஞ்சிருக்கா. அதான் கால் மட்டும் தெரியுது.” வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. பாட்டில் அவள் தலை குனிந்தாள் என்று எங்கும் இல்லை, நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு காட்சியில் எது சொல்லப்படுகிறது என்பதை வைத்துப் பார்ப்பவர் எங்கே நின்றார், கண் எங்கே இருந்தது என்று ஊகிப்பதுதான் படிமத்தைப் படிக்கும் முறை. அதை அந்தப் பெண் கலைச்சொல் எதுவும் இல்லாமல் செய்துவிட்டாள்.

தினைத்தாளையும் சும்மா விடக்கூடாது. காலுக்கு உவமை சொல்ல நாணல் இருந்தது, கோரை இருந்தது. ஏன் தினை? குறிஞ்சி நிலத்துப் பெண் பகலெல்லாம் கிளி ஓட்டிக் காவல் இருப்பது தினைப்புனத்தில். காதலனைச் சந்திப்பதும் பெரும்பாலும் அங்கேதான். கதிர் அறுத்துவிட்டால் காவலும் முடிந்தது, சந்திப்பும் முடிந்தது, பெண் வீட்டுக்குள் வைக்கப்படுவாள். அவள் உவமைக்கு எடுத்தது கதிரை அல்ல, தாளை. அறுப்புக்குப் பிறகு மிஞ்சுவது தாள்தானே என்று எனக்குத் தோன்றும். இதை வகுப்பில் நான் முதலில் சொல்வதில்லை. கேள்வியாக மட்டும் போட்டுவிட்டு, விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் யாராவது சொல்கிறார்களா என்று பார்ப்பேன்.

தொனி பற்றிய பகுதிதான் நான் அதிகம் சறுக்கிய இடம். “இந்தப் பாட்டில் என்ன உணர்ச்சி?” என்று கேட்டால் “சோகம்” என்று கோரஸாகப் பதில் வரும். பாட்டைப் படிக்காதவனும் அதைச் சொல்லிவிடலாம். அதனால் வகுப்பில் சோகம் என்ற சொல்லுக்குத் தடை. கோபம், பயம், வெட்கம், தன்னையே கேலி செய்துகொள்வது, கெஞ்சல் என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு மூன்று நான்கு பேர் எழுந்து பாட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மற்றவர்கள் கேட்டுவிட்டு, எந்தச் சொல்லில் குரல் பாட்டோடு ஒட்டவில்லை என்று சொல்ல வேண்டும். கருத்து சொல்பவர் பாட்டிலுள்ள ஒரு சொல்லையாவது எழுத்தையாவது விரல் வைத்துக் காட்டினால்தான் அது செல்லும்.

கோபமாகப் படித்தவன் இரண்டாம் அடியில் மாட்டிக்கொள்வான். ‘பொய்ப்பின்’ என்ற சொல்லின் கடைசியில் நிற்கும் ‘இன்’ நிபந்தனை, ‘பொய்த்தால்’ என்று பொருள். அவன் இன்னும் பொய் சொல்லவில்லை. இதைத் தவறவிட்டுத்தான் விடைத்தாளில் பாதிப் பேர் ‘ஏமாற்றப்பட்ட பெண்ணின் புலம்பல்’ என்று எழுதுகிறார்கள். ஏமாற்றப்பட்டவள் பேச்சு வேறு, ஏமாற்றப்படலாம் என்று இரவில் விழித்திருப்பவள் பேச்சு வேறு. விடைத்தாளில் ‘ஏமாற்றிவிட்டான்’ என்ற இறந்தகால வினை இருந்தால் அந்தப் பிள்ளை உரையைப் படித்திருக்கிறது, பாட்டைப் படிக்கவில்லை என்று நான் முடிவுகட்டிக்கொள்வேன்.

ஆனால் பயமாக மட்டும் படித்தவள் ‘கள்வன்’ என்ற இடத்தில் தடுமாறுவாள். பயப்படுகிறவள் அவனைத் திருடன் என்பாளா? களவு என்ற சொல்லை இங்கே எடுத்துப் பேசலாம். திருட்டுக்கும் அதுதான் பெயர், ஊருக்குத் தெரியாத காதலுக்கும் அதுதான் பெயர். அவன் கள்வன் என்றால் அந்தக் களவில் அவளுக்கும் பங்கு உண்டு. கலித்தொகையின் 51ஆம் பாட்டில் ஒரு பெண், தண்ணீர் கேட்பதுபோல் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்தவனைத் தாயிடம் காட்டிக்கொடுக்காமல் விக்கல் என்று சொல்லிக் காப்பாற்றிவிட்டு, தோழியிடம் கதை சொல்லும்போது அவனையும் கள்வன் என்றே வைகிறாள். அங்கே அந்தச் சொல்லில் சிரிப்பு இருக்கிறது. அதே சொல் இங்கே சிரிப்பும் இல்லாமல், முழு வசையும் இல்லாமல் நடுவில் தொங்குகிறது. எந்தக் குரலில் படித்தாலும் ஏதோ ஓர் இடத்தில் ஒட்டாமல் போவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். ஒரு குரல் இன்னொரு குரலாக மாறும் இடத்தைத் தேடுங்கள் என்று அப்போது சொன்னால் புரியும்.

அவள் பயம் கற்பனையா என்று சிலர் கேட்பார்கள். தொல்காப்பியத்தின் கற்பியலில் ஒரு நூற்பா, உலகில் பொய்யும் வழுவும் தலைகாட்டிய பிறகே பெரியவர்கள் திருமணச் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்கிறது. ஊர் பார்க்க நடக்கும் கல்யாணம் என்பது சாட்சி சேர்க்கும் ஏற்பாடு. அவளுக்கு நடந்ததில் அந்தச் சாட்சிதான் இல்லை. இந்த ஒரு செய்தி போதும், சமூக வரலாற்றுக்குள் அதற்கு மேல் இறங்கினால் பாட்டுக்குத் திரும்ப நேரம் இருக்காது.

அடுத்து மேசையைத் தட்டி சீர் எண்ணுவோம். நான்கு, நான்கு, நான்கு, மூன்று, நான்கு. நான்காம் அடியில் ஒரு தட்டு குறைகிறது. பிள்ளைகள் கை மேலே தூக்கியபடி நின்றுவிடும். அந்த அடியில்தான் பறவை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதோடு சேர்ந்து நாமும் ஒரு நொடி நிற்கிறோம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கே ஆசிரியர் நேர்மையாக இருக்க வேண்டும். ஈற்றயல் அடி மூன்று சீராக வருவது நேரிசை ஆசிரியப்பாவின் பொது இலக்கணம். அந்தப் பாவில் எழுதிய எல்லாப் பாட்டிலும் அது இருக்கும். கபிலர் பறவைக்காக அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தார் என்று சொன்னால் அது கப்சா. ஏற்கெனவே இருந்த இடைவெளியில் எதைக் கொண்டுபோய் நிறுத்தினார் என்பதைத்தான் நாம் பேசலாம்.

அதைவிட எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு உம்மையைப் பற்றியது. பாட்டின் முதல் சொல்லில் ஓர் உம் இருக்கிறது, அதை ஒட்டி இல்லை என்ற சொல். கடைசி அடியின் முதல் சொல்லில் இன்னோர் உம், அதை ஒட்டி உண்டு என்ற சொல். இலக்கணக் குறிப்பாக இரண்டையும் தனித்தனியே எழுதினால் முதலாவது முற்றும்மை என்று ஒரு மதிப்பெண் கிடைக்கும், அத்தோடு சரி. சேர்த்துப் பார்த்தால் பாட்டின் இரண்டு முனை தெரியும். ஒருவரும் இல்லை என்று தொடங்கியவள், ஒரு குருகு இருந்ததே என்று தன்னைத் தானே திருத்திக்கொள்கிறாள். அந்தத் திருத்தத்தால் அவள் நிலைமை தேறவில்லை, இன்னும் மோசமாகத் தெரிகிறது.

எப்போது நடந்தது என்பது கடைசி இரண்டு சீரில் வருகிறது. அவன் தன்னோடு கூடிய நாளில் என்று சொல்லி முடிக்கிறாள். இதை மாற்றிப் பார்க்கச் சொல்வேன்: நடந்ததை உரைநடையில், காலம், இடம், ஆட்கள் என்ற ஒழுங்கில் எழுது. இன்ன நாளில் இன்ன இடத்தில் அவன் என்னுடன் இருந்தான், அப்போது ஒரு கொக்கு இருந்தது, வேறு யாரும் இல்லை, அவன் மறுத்தால் எனக்கு வழியில்லை. அச்சு அசலாகப் புகார் மனு. செய்தியில் ஒன்றும் குறையவில்லை, ஆனால் பாட்டு காணாமல் போய்விட்டது. 1967இல் வெளியான ஏ.கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வகுப்புக்கு உதவும். அவர் கூடிய நாளைக் கடைசியிலேயே வைத்துக் காப்பாற்றிவிட்டார். ஆனால் ஆங்கிலத்தில் பறவை முதலில் வந்துவிடுகிறது, கால் பிறகுதான். தமிழின் பெயரெச்சமும் அடைமொழியும் பெயருக்கு முன்னால் நிற்பவை. கபிலர் அதைப் பயன்படுத்திக்கொண்டார், ராமானுஜனுக்கு அந்த வசதி இல்லை. காலின் நிறமும் அவரிடம் மஞ்சளாகிவிட்டது. நம் வயல்களில் நிற்கும் மடையானின் காலைப் பார்த்தவர்கள் இதற்காகச் சண்டைக்குப் போக மாட்டார்கள், அது பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறம்.

எல்லா ஆண்டும் இப்படி ஒழுங்காக நடப்பதில்லை. மிகவும் கெடுப்பது ஒரு சூத்திரம்: குருகு தலைவன், ஆரல் தலைவி, உள்ளுறை, முடிந்தது. யாராவது ஒருவர் நோட்ஸிலிருந்து இதை எடுத்துவந்து இரண்டாம் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார். தவறு என்று நான் சொல்வதில்லை, இரைக்குக் காத்திருக்கும் பறவையில் அவன் சாயல் இருக்கத்தான் செய்கிறது. “சரிப்பா, அப்படின்னா அந்தச் சின்னக் கால் யாருது? சாட்சிக்கு நின்னது யாரு?” என்று கேட்பேன். பறவையே அவன் என்றால் அவள் சொல்லும் ஒரே சாட்சியும் போய்விடுகிறது. அதையும் ஒரு வாசிப்பாக ஏற்கலாம், இன்னும் கொடுமையான வாசிப்பு. ஆனால் அதற்குப் பாட்டுக்குள் விலை கொடுத்துத்தான் போக வேண்டும்.

வீட்டுப்பாடத்திலும் ஒருமுறை தோற்றேன். ‘அந்தக் குருகு பேசினால்?’ என்று எழுதச் சொன்னேன். நாற்பது தாளிலும் கொக்கு நீதிமன்றம் ஏறிச் சாட்சி சொல்லி அவளைக் கல்யாணம் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. பேசாததுதான் அதன் வேலை என்பதை நானே மறந்துவிட்டேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறேன்: உன் வாழ்க்கையில் ஏதோ ஒன்று நடந்தபோது கூட இருந்த, ஆனால் சொல்ல முடியாத ஒரு சாட்சியைப் பற்றி ஐந்து வரி எழுது, அதன் பெயரைக் கடைசி வரிக்கு முன்னால் சொல்லாதே. ஒரு பையன், சிவப்பாகச் சின்னதாக மினுக்கும் ஒற்றைக் கண், மழையில் நனைந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் முகம் என்று போய்க் கடைசியில் சிசிடிவி கேமரா என்று முடித்திருந்தான். கீழே அடைப்புக்குறிக்குள், ‘ரெக்கார்டு ஆகவில்லை.’ பத்துக்குப் பத்து போட்டேன்.

கடைசி ஐந்து நிமிடம் துறைக்கு. பாடியவர் கபிலர், திணை குறிஞ்சி, தலைவன் திருமணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தபோது தலைவி தோழியிடம் சொன்னது. இதைப் பலகையில் எழுதும்போது பிள்ளைகள் தாங்கள் ஏற்கெனவே ஊகித்ததைச் சரிபார்த்துக்கொள்வார்கள். பாதி சரியாகவே இருக்கும். போன ஆண்டு எழுதி முடித்துவிட்டு நான் சாக்பீஸை வைத்தபோது, படத்தில் வெறும் இரண்டு காலை மட்டும் வரைந்த பெண் எழுந்தாள்.

“அப்ப அந்தத் தோழியும் அங்க இல்லையா, ஐயா?”

“இல்லம்மா.”

“அப்ப இவ சொல்றத அவ நம்பித்தான் ஆகணும்.”

மணி அடித்தது.